தம்பியின் கலியாணமும் ஆய்வேட்டுத் திகதியும்: மேற்பார்வையாளருக்கு எழுதும் லீவுக் கடிதம்

கேள்வி: கொழும்பில் கல்வியியலில் முதுதத்துவமாணி ஆய்வு செய்கிறேன். செப்டெம்பர் 30 ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். ஓகஸ்ட் 23 ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணத்தில் தம்பிக்குக் கலியாணம். நான்தான் தோழி, போகாமல் இருக்க முடியாது. ஐந்தாம் அத்தியாயம் பாதியில் நிற்கிறது. முடிவுரையான ஆறாவதைத் தொடங்கவே இல்லை. சேர் கண்டிப்பானவர். பத்து நாள் லீவு கேட்டால் திகதியைத் தள்ளப் பார்க்கிறேன் என்று நினைப்பாரோ என்று பயமாக இருக்கிறது. கடிதத்தை எப்படி எழுதுவது?
(ஜூலை நடுப்பகுதியில் எழுதியவர்: வெள்ளவத்தை வாசகி)

பதில்:

கடிதத்தை எழுத உட்கார முன்னர் ஒரு கலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு செப்டெம்பர் 30இலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சேர் சம்மதிப்பதும் சம்மதிக்காததும் கடிதத்தில் உள்ள பணிவில் இல்லை. அந்தப் பத்து நாள் எந்த இடத்தில் விழுகிறது என்பதில்தான் இருக்கிறது.

ஜூலை 20ஆம் திகதி திங்கட்கிழமை வேலையைத் தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒப்படைக்கும் நாள்வரை 72 நாள் இருக்கிறது. ஆனால் இந்த 72 நாளும் உங்களுடையவை அல்ல. ஐந்தாம் அத்தியாயத்தை சேர் ஒருமுறை வாசிக்க வேண்டும். பிறகு முழு ஆய்வேட்டையும் ஒருமுறை வாசிக்க வேண்டும். விரிவுரை, பரீட்சை விடைத்தாள், கூட்டம் எல்லாவற்றுக்கும் நடுவில் வாசிப்பவருக்கு ஒவ்வொரு வாசிப்புக்கும் இரண்டு கிழமை கொடுப்பதுதான் நியாயம். ஆக 28 நாள் பிரதி அவருடைய மேசையில் கிடக்கும். கலியாணத்துக்குப் போய் வரும் பத்து நாளை இந்த 28 நாளுக்குள் வைத்தால் லீவினால் ஆய்வேட்டுக்கு நாள் ஏதும் குறையாது. அதற்கு வெளியே வைத்தால் அத்தனை நாளும் கைவிட்டுப் போகும்.

உங்கள் விடயத்தில் கணக்கு இப்படி விழும். ஓகஸ்ட் 14 வெள்ளிக்கிழமை ஐந்தாம் அத்தியாயம் முழுதாக சேரிடம் போக வேண்டும். 17ஆம் திகதி இரவு பஸ்ஸில் நீங்கள் புறப்படுகிறீர்கள். அவர் 28ஆம் திகதிவரை வாசிக்கிறார். நீங்கள் 27 காலை கொழும்புக்கு வந்துவிடுகிறீர்கள். 28 தொடக்கம் செப்டெம்பர் 6வரை அவர் சொன்ன திருத்தங்களும் ஆறாம் அத்தியாயமும். செப்டெம்பர் 7 திங்கள் முழு ஆய்வேடும் அவரிடம் போகிறது, 21ஆம் திகதி திரும்பி வருகிறது. கடைசித் திருத்தம், உசாத்துணைப் பட்டியல் சரிபார்ப்பு, ஒப்புமை அறிக்கை எல்லாவற்றையும் 24க்குள் முடித்து, 25 வெள்ளி சேரின் கையொப்பம். அந்தச் சனி ஞாயிறு அச்சும் கட்டும். 28 அல்லது 29 ஒப்படைப்பு. 30 கையிருப்பு நாள்.

இப்போது மற்றப் பக்கத்தையும் பாருங்கள். பெரும்பாலானோர் செய்வது இதைத்தான்: "கொஞ்சம்தானே மிச்சம், கலியாணம் முடிந்து வந்து ஒரு கிழமையில் முடித்துவிடலாம்." அப்படிச் செய்தால் ஐந்தாம் அத்தியாயம் செப்டெம்பர் 4இல்தான் சேரிடம் போகும், 18இல் திரும்பி வரும். அவர் வாசிக்கும் நேரத்தில் நீங்கள் ஆறாவதை எழுதி முடித்தாலும், திருத்தி முழுப்பிரதி கொடுக்க 22 ஆகிவிடும். அவர் வாசித்துத் தரும்போது ஒக்டோபர் 6. அச்சுக்கும் கையொப்பத்துக்கும் ஒரு கிழமை. மிச்சம் வைத்த ஒரு கிழமை வேலை ஒப்படைப்பை இரண்டு கிழமை தள்ளிவிடுகிறது. அனுபவமுள்ள எந்த மேற்பார்வையாளருக்கும் இது தெரியும். லீவுக் கடிதத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்குவது இதற்காகத்தான், கலியாணத்துக்காக அல்ல.

ஆறாம் அத்தியாயத்துக்குப் பத்து நாள்தானா என்று பயப்பட வேண்டாம். ஐந்தாவதை எழுதும்போதே ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அதன் கண்டறிதலை ஒரே வசனத்தில் தனிக் கோப்பில் எழுதி வையுங்கள். எந்த ஆய்வு வினாவுக்கு அது விடை என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். ஓகஸ்ட் 14 ஆகும்போது அந்தக் கோப்பில் முடிவுரையின் எலும்புக்கூடு தானாக இருக்கும்.

அடுத்தது லீவு நாட்கள். கலியாண நாளிலிருந்து எண்ணக் கூடாது. நீங்கள் மாப்பிள்ளை வீடு. பொன்னுருக்கு உங்கள் வீட்டில்தான் நடக்கும். அது 20ஆம் திகதி வியாழன் என்றால் இரண்டு நாள் முன்னர் வீட்டில் நிற்க வேண்டும். நாலாஞ்சடங்கு 26இல் வரும். ஆகவே லீவு ஓகஸ்ட் 18 செவ்வாய் தொடக்கம் 27 வியாழன் வரை. பத்து நாள், அதில் வேலை நாள் எட்டு. பொன்னுருக்குக்கு நாள் இன்னும் குறிக்கவில்லையென்றால், குறித்த பிறகே கடிதத்தைக் கொடுங்கள். "ஒரு கிழமை" என்று கேட்டுவிட்டு அங்கிருந்து "இன்னும் மூன்று நாள்" என்று தகவல் அனுப்புவதைவிட மோசமான ஒன்றில்லை. நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். அது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் வரும். அந்த நாட்களில் வடக்குப் பக்கம் பஸ்ஸிலும் ரயிலிலும் இடம் கிடைப்பது கஷ்டம். திரும்பி வரும் இருக்கையைப் பதிவு செய்த பிறகு திரும்பும் திகதியை எழுதுவது புத்தி.

இனி கடிதம். முதலில் நேரில் சொல்லுங்கள். சேரை அடுத்த முறை சந்திக்கும்போது, ஆய்வு பற்றிய பேச்சு முடிந்து எழும்பும் நேரத்தில், "சேர், ஓகஸ்ட் கடைசியில் தம்பிக்குக் கலியாணம். திகதிகளை எழுதித் தரட்டுமா?" என்று இரண்டே வசனம். அவர் "சரி, பார்ப்போம்" என்பார். அன்றைக்கே மின்னஞ்சல் போக வேண்டும். வாட்ஸப்பில் லீவு கேட்காதீர்கள். அது மரியாதைக் குறைவு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஆறு மாத முன்னேற்ற அறிக்கை எழுதும்போது இருவரும் தேடி எடுக்கக்கூடிய இடத்தில் அது இருக்க வேண்டும். வாய்ச் சம்மதம் இரண்டு மாதத்தில் இருவருக்கும் இரண்டு விதமாக நினைவிருக்கும்.

கடிதம் இந்த அளவில் இருந்தால் போதும்:

பொருள்: ஓகஸ்ட் 18–27 லீவு அனுமதியும் ஐந்தாம் அத்தியாயம் ஒப்படைத்தலும்

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எனது தம்பியின் திருமணம் ஓகஸ்ட் 23 ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணத்தில் நடைபெறவுள்ளது. சடங்குகளில் எனக்குரிய பங்கு இருப்பதால் ஓகஸ்ட் 18 செவ்வாய் முதல் 27 வியாழன் வரை கொழும்பில் இருக்க மாட்டேன். இந்நாட்களுக்குத் தங்கள் அனுமதியைக் கேட்டுக்கொள்கிறேன்.

செப்டெம்பர் 30 ஒப்படைப்புத் திகதியில் மாற்றம் எதுவும் கோரவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தை முழுமையாக ஓகஸ்ட் 14 வெள்ளியன்று தங்களிடம் தருவேன். தங்கள் கருத்துகளைப் பெற்று, ஆறாம் அத்தியாயத்தையும் சேர்த்து, முழு ஆய்வேட்டைச் செப்டெம்பர் 7 திங்களன்று தருவேன். கையொப்பத்துக்காகச் செப்டெம்பர் 25 வெள்ளியன்று தங்களைச் சந்திக்க விரும்புகிறேன்.

ஓகஸ்ட் 14 தொடக்கம் 28 வரையான நாட்களில் ஐந்தாம் அத்தியாயத்தை வாசிப்பது தங்களுக்கு வசதிப்படுமா என்பதைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும். வசதிப்படாவிட்டால் தங்களுக்கு ஏற்ற நாளுக்கு எனது வேலையை மாற்றி அமைத்துக்கொள்வேன்.

லீவு நாட்களில் மின்னஞ்சலை இரவில் ஒருமுறை பார்ப்பேன். ஓகஸ்ட் 22 முதல் 24 வரை மட்டும் பதில் அனுப்ப இயலாது.

நன்றி.
இங்ஙனம்,
(பெயர், பதிவு இலக்கம், கைபேசி இலக்கம்)

தமிழ் தெரியாத மேற்பார்வையாளருக்கு ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே ஒழுங்குதான்.

இதில் சில வசனங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நீங்கள் மாற்றும்போது தவறான இடத்தில் கைவைக்க மாட்டீர்கள். பொருள் வரியில் லீவும் அத்தியாயமும் சேர்ந்தே நிற்கின்றன. "லீவு வேண்டுதல்" என்று மட்டும் போட்டால் அவர் திறக்கும்போதே ஒரு முடிவோடு திறப்பார். "திகதியில் மாற்றம் எதுவும் கோரவில்லை" என்ற வசனத்தைக் கட்டாயம் விடாதீர்கள். அவர் மனதில் எழும் முதல் கேள்விக்கு அதுதான் விடை. பெயருக்கும் பதிவு இலக்கத்துக்கும் மேலே ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது, அதுவும் அவருடைய வாசிக்கும் நாளைப் பற்றியது. இந்தக் கேள்விக்கு அவர் பதில் எழுதினாலே லீவுக்கும் பதில் எழுதியதாகிவிடும்.

"தோழி" என்ற சொல்லைக் கடிதத்தில் போடவில்லை. யாழ்ப்பாணத்து ஆள் என்றால் "எனக்குரிய பங்கு" என்றதுமே விளங்கிக்கொள்வார். மற்றவர்களுக்கு அதை விளக்கப் போனால் கடிதம் கலியாணக் கதையாகிவிடும். அப்பா இல்லை, அம்மாவுக்குச் சுகமில்லை, வீட்டில் மூத்தவள் நான் என்று அடுக்காதீர்கள். தம்பியின் கலியாணத்துக்கு அக்கா போவதற்கு நியாயம் காட்டத் தேவையில்லை. அதிகமாக நியாயம் காட்டினால் உள்ளே வேறேதோ இருக்கிறது என்ற எண்ணம்தான் வரும்.

அழைப்பிதழை இணைப்பாகவும் அனுப்ப வேண்டாம். அது சாட்சிப் பத்திரமாகிவிடும். சேரை உண்மையாகவே அழைக்க விரும்பினால் அழைப்பிதழைத் தனியாக, வேறொரு நாளில், கையில் கொடுங்கள். முடியுமானால் அம்மாவோ தம்பியோ கூட வரட்டும். லீவுக் கடிதமும் அழைப்பிதழும் ஒரே உறையில் போனால் இரண்டுமே கெட்டுப்போகும்.

"அங்கிருந்தும் தினமும் எழுதுவேன்" என்று எழுதுபவர்கள் உண்டு. கலியாண வீட்டில் அது நடக்காது என்பது சேருக்கும் தெரியும். பலகாரச் சூடும் உறவினர் கூட்டமும் உள்ள வீட்டில் இரவு பதினொரு மணிக்கு மடிக்கணினியைத் திறந்து எழுதும் இரண்டு பக்கத்தைப் பிறகு அழித்துத்தான் எழுத வேண்டிவரும். செய்ய முடிந்ததை மட்டும் சொல்லுங்கள்: இரவில் ஒருமுறை மின்னஞ்சல், கலியாணத்தை ஒட்டிய மூன்று நாள் அதுவும் இல்லை. இன்னொரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அத்தியாயம் சேரிடம் இருக்கும்போது நீங்களும் அதே கோப்பில் கைவைத்தால் இரண்டு பிரதிகள் உருவாகிவிடும். அவர் குறித்த பக்க எண்ணும் உங்கள் பக்க எண்ணும் பொருந்தாது. 14ஆம் திகதி அனுப்பும் கோப்புக்கு `Ch5_14Aug.docx` போன்று திகதியோடு பெயர் வைத்து, அவர் திருப்பித் தரும்வரை பூட்டியது போல விட்டுவிடுங்கள்.

"கால நீடிப்பு" என்ற சொல் இந்தக் கடிதத்தில் எங்கும் வரக் கூடாது. "தேவைப்பட்டால் கால நீடிப்புக்கும் விண்ணப்பிப்பேன்" என்று பாதுகாப்புக்காக ஒரு வரி சேர்ப்பது பலருக்குப் பழக்கம். பிரச்சினை என்னவென்றால், பத்து நாள் வெளியூர் போவது உங்களுக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையிலான ஒழுங்கு. கால நீடிப்போ பதிவை ஒத்திவைப்பதோ பீடத்தின் வேலை. அதற்குத் தனிப் படிவம், மேற்பார்வையாளரின் சிபாரிசு, குழுவின் அனுமதி எல்லாம் வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் சேர் அதை அலுவலகத்துக்கு அனுப்பி "விதிப்படி விண்ணப்பியுங்கள்" என்று சொல்லிவிடவும் இடமுண்டு. அதுபோலவே "ஆய்விலிருந்து தற்காலிகமாக விலகி" போன்ற வார்த்தைகளும் வேண்டாம். "கொழும்பில் இருக்க மாட்டேன்" என்பதே போதும்.

கடிதம் அனுப்பும் முன்னர் பட்டப்பின் படிப்பு அலுவலகத்தில் ஒரு விடயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பல பீடங்களில் ஆய்வேட்டை ஒப்படைக்கும் எண்ணத்தை முன்கூட்டியே படிவத்தில் அறிவிக்க வேண்டும். பரீட்சகர்களை நியமிப்பதற்காக தலைப்பும் சுருக்கமும் அதோடு போகும், சேரின் கையொப்பமும் வேண்டும். அது இன்னும் போகவில்லையென்றால், அல்லது அதன் கடைசித் திகதி உங்கள் லீவுக்குள் விழுகிறதென்றால், கலியாணத்தைவிட அதுதான் உங்கள் திகதியைத் தள்ளும். ஓகஸ்ட் 14க்கு முன்னரே கையொப்பம் வாங்கி ஒப்படைத்துவிடுங்கள்.

சேரின் பதில் மூன்று விதமாக வரலாம். "சரி" என்று ஒரு சொல்லில் வந்தால் போதும், நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். "ஓகஸ்ட்டில் நான் விடைத்தாள் திருத்தத்தில் இருப்பேன், வாசிக்க முடியாது" என்று வந்தால் அதுவும் நல்ல பதில்தான், ஏனென்றால் ஜூலையிலேயே தெரிந்துவிட்டது. அப்போது ஐந்தாம் அத்தியாயத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஏற்கெனவே எழுதிய பாதியை ஜூலை கடைசியிலேயே கொடுத்து, அவருக்கு ஓய்வுள்ள கிழமையில் வாசிக்கக் கேளுங்கள். மிச்சப் பாதியை அவர் வேலை முடிந்து செப்டெம்பர் தொடக்கத்தில் பார்க்கட்டும். முழு ஆய்வேட்டை வாசிக்கும்போது அவருக்குப் புதிதாக இருப்பது அந்தப் பாதி மட்டும்தான் என்பதால் இரண்டாவது வாசிப்பும் சுருங்கும்.

பதிலே வராமல் இருப்பதுதான் மூன்றாவது. மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். ஐந்து வேலை நாள் பொறுத்து, அதே மின்னஞ்சலின் கீழே "சேர், ஓகஸ்ட் 18–27 பற்றி எழுதியிருந்தேன். ஐந்தாம் அத்தியாயம் 14ஆம் திகதி வரும் என்ற ஒழுங்கில் வேலை செய்துகொண்டிருக்கிறேன்" என்று நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் நேரில் போய்க் கேட்டு, வெளியே வந்ததும் "இன்று தாங்கள் சம்மதித்தபடி" என்று தொடங்கி ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். இணை மேற்பார்வையாளர் இருந்தால் தொடக்கத்திலிருந்தே அவருக்கும் பிரதி போகட்டும். அவருக்குத் தெரியாமல் நடந்தால் செப்டெம்பரில் முழுப்பிரதி போகும்போது அவரிடமிருந்துதான் தாமதம் வரும்.

ஓகஸ்ட் 10 அளவில், அத்தியாயம் 14ஆம் திகதிக்கு முடியாது என்று தெரிந்தால் என்ன செய்வது? லீவைக் கைவிடவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். முடிந்த பகுதிகளை 14இல் கொடுத்து, எந்தப் பகுதி இல்லை, அது எந்த நாளில் வரும் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். கலந்துரையாடல் பகுதி மட்டும் இல்லாத ஒரு அத்தியாயத்தை அவர் வாசிக்கத் தொடங்கலாம்; வெறும் மேசையில் வாசிக்க ஒன்றுமில்லை. அட்டவணைகளும் பகுப்பாய்வும் உள்ள பகுதியைத்தான் முதலில் முடிக்க வேண்டும், ஏனென்றால் பிழை இருந்தால் அங்கேதான் பெரிய பிழை இருக்கும், திருத்த நாள் எடுப்பதும் அதற்குத்தான்.

நீங்கள் பாடசாலை ஆசிரியராக இருந்து கல்வி லீவில் படிக்கிறீர்கள் என்றாலோ, ஆய்வு உதவியாளராகக் கொடுப்பனவு பெறுகிறீர்கள் என்றாலோ, சேரின் சம்மதம் அந்தப் பக்கத்துக்குப் போதாது. அங்கே வருகைப் பதிவும் சம்பளமும் வேறொருவரின் பொறுப்பு. அவர்களுக்கு அவர்களுடைய லீவுப் படிவத்தில், அதே திகதிகளோடு, தனியாக விண்ணப்பியுங்கள். இரண்டு இடத்திலும் திகதி ஒன்றாக இருக்கிறதா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். சேருக்கு 18 என்றும் அலுவலகத்துக்கு 19 என்றும் எழுதிவிட்டு விளக்கம் சொல்லி அலைபவர்கள் குறைவில்லை.

27ஆம் திகதி வந்து இறங்கியதும் "வந்துவிட்டேன் சேர், நாளை எத்தனை மணிக்கு வரலாம்?" என்று ஒரு மின்னஞ்சல். திருத்தங்களை வாங்கும்போது கலியாணப் பலகாரம் ஒரு பொட்டலம் கொண்டு போவதில் தப்பில்லை, ஆனால் முதலில் கோப்பைத் திறவுங்கள்.